கதவைத் திறந்தவர் யார்?

டிசம்பர் 4, 2024

வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்துவிட்டது, சேறு மட்டும் கிடக்கிறது. அம்மாவைச் சிதம்பரத்தில் சித்தி வீட்டில் விட்டு வந்தேன். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததும் தப்பித்தோம் என்றுதான் கடலூரில் எல்லோரும் நினைத்தோம். மறுநாள் நள்ளிரவுக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். அது தென்பெண்ணை வழியாக எங்களைத் தேடி வந்தது.

அலுவலகத்திலிருந்து போன். தேவனாம்பட்டினத்துக்குத் தேவை மதிப்பீட்டு அறிக்கை வேண்டுமாம். வீடு வீடாகக் கேள்வித்தாள், சிலரிடம் நீண்ட பேட்டி. இரண்டையும் சேர்த்து எது முதலில், எது அடுத்தது என்று வரிசை போட்டுத் தர வேண்டும். சரி என்றேன். இந்த நாட்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும் போலிருக்கிறது, அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 9

கேள்வித்தாளின் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி: “உங்கள் ஊருக்கு மிக அவசியமான மூன்று தேவைகள் எவை?” முதலில் சொல்வதற்கு 3 மதிப்பெண், அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 1. எல்லா வீட்டையும் கூட்டினால் வரிசை வந்துவிடும்.

இன்று காலை பத்து மணிக்குப் போனோம். பெரும்பாலும் ஆண்கள்தான் வீட்டில் இருந்தார்கள். கடல் சீற்றமாக இருப்பதால் ஃபைபர் படகுகளெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கின்றன. பெண்கள் எங்கே என்று கேட்டேன். “அதுங்க துறைமுகத்துக்குப் போயிருக்கும் பாப்பா. வேற எங்கியாவது மீன் வந்திருந்தா எடுத்து வித்துட்டு சாயங்காலந்தான் வரும்.”

வலை வைக்கவும் பின்னவும் ஒரு கூடம் வேண்டும் என்றார்கள். கேட்டவர்கள் எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள்.

டிசம்பர் 10

வாடைக் காற்று. யாரும் கடலுக்குப் போகவில்லை.

டிசம்பர் 17

மாலை ஆறு மணிக்கு மேல் போனேன். மீன் விற்கும் அக்கா ஒருவர் காலியான அன்னக்கூடையைக் கவிழ்த்து, உட்காரச் சொன்னார். கேள்வித்தாளை எடுத்தேன். அவர் பேனாவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நீங்க என்னா குடுப்பீங்க? அத மொதல்ல சொல்லு பாப்பா. அப்பத்தானே நான் அதக் கேக்க முடியும்?”

எதையும் கொடுக்கிற இடத்தில் நான் இல்லை, எழுதுவது மட்டும்தான் என் வேலை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேச ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை. மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மறுக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடித்தால் லாபத்தில் பாதி அதற்கே போய்விடுகிறது. ஐஸ் வாங்கக் காசில்லாத நாளில் மதியத்துக்குள் மீனைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். வெள்ளத்தைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார்: “தண்ணி வருஷா வருஷம் நிக்குது. மழை வேணாம், தெருவுல ரெண்டு கொடம் ஊத்துனாலே போறதுக்கு வழியில்ல.”

வலைக்கூடம் அவர் வாயில் வரவே இல்லை.

டிசம்பர் 26

சுனாமி வந்து இன்றோடு இருபது ஆண்டு. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். காலையில் கடற்கரையில் பால் ஊற்றினார்கள், பூ போட்டார்கள். கேள்வித்தாளை எடுத்துப் போகவில்லை.

திரும்பும்போது ஒரு பாட்டி கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் வேறொரு மீனவக் குப்பத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர். அலையில் கணவரை இழந்தவர். நிவாரணப் பட்டியல் ஊர் வரிக் கணக்கைப் பார்த்துத்தான் தயாரானது என்றார். இந்தக் கடற்கரையில் பல ஊர்களில் கல்யாணமான ஆண் ஒருவர் என்றால் ஒரு வரி, கோயில் திருவிழாவுக்கும் ஊர்ப் பங்குக்கும் அதுதான் கணக்கு. “வரி கட்ற ஆம்பளையத்தான் கடல் கொண்டுபோச்சே, அப்புறம் எம் பேரு எங்கேர்ந்து வரும்?”

அப்போது படகுகள் வந்து குவிந்ததை ஊரே சொல்கிறது. எண்ணவும் கொடுக்கவும் போட்டோ எடுக்கவும் படகு சுலபம். தமிழ்நாட்டுக் கரையில் பல இடங்களில், இழந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. கட்டுமரத்தில் போனவர்களும் படகு கேட்டார்கள், ஏனென்றால் தருகிறவர்கள் கையில் இருந்தது படகு. அந்தப் பாட்டி கேட்டது ஒரு தராசும் கொஞ்சம் முதலும்.

இம்முறை அரசு கொடுக்கும் 2,000 ரூபாய் குடும்ப அட்டைக்கு. ஒரே வீட்டில் அட்டை பிரிக்காத இரண்டு குடும்பம் இருந்தால் அதுவும் ஒன்றுதான். நம் கேள்வித்தாளிலும் வீடு ஒன்றுக்கு ஒரு தாள்.

ஜனவரி 3, 2025

தூக்கம் வரவில்லை. ஒரு தெருவைக் கற்பனையாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பத்து வீடு. ஏழு வீட்டில் ஆண் பதில் சொல்கிறார், மூன்றில் பெண். ஆண்களின் வரிசை: வலைக்கூடம், வடிகால், மீன் கொண்டுபோக வண்டி. பெண்களின் வரிசை இதற்கு நேர் தலைகீழ்: வண்டி, வடிகால், வலைக்கூடம்.

கூட்டினால் வலைக்கூடம் 24, வடிகால் 20, வண்டி 16. அறிக்கையில் வலைக்கூடம் முதலிடம். இப்போது ஆண்களின் சராசரியைத் தனியாகவும் பெண்களின் சராசரியைத் தனியாகவும் எடுத்து, இரண்டுக்கும் சம எடை கொடுத்தேன். மூன்றுமே 2. வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை! 24-க்கும் 16-க்கும் நடுவே இருந்த எட்டு மதிப்பெண்ணும், காலை பத்து மணிக்கு யார் கதவைத் திறந்தார் என்பதிலிருந்து வந்தது.

நள்ளிரவில் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வடிகால் யாருக்கும் முதலில் இல்லை. யாருக்கும் கடைசியிலும் இல்லை.

ஜனவரி 4

சந்தோஷம். குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆண், பெண் பதில்களைத் தனித்தனிப் பத்தியாகக் காட்டப் போகிறோம். மாலை நேரத்திலும் வீடுகளுக்குப் போகிறோம்.

ஜனவரி 11

சுருக்குமடி வலையைப் பற்றி யாரும் தாளில் எழுதச் சொல்வதில்லை. பேனாவை மூடிய பிறகுதான் பேசுகிறார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக அனுமதித்தது 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள், காலை 8 முதல் மாலை 6 வரை. அந்த வலை வைத்திருப்பவருக்கு அது போதவில்லை. சின்ன வலைக்காரருக்கு அதுவே அதிகம். ஒருவரின் தேவை நிறைவேறினால் அடுத்தவர் வலையில் மீன் விழாது என்கிற விஷயத்தை எத்தனாவது இடத்தில் வைப்பது? வரிசைக்கு வெளியே, தனிப் பக்கத்தில் வைக்கிறேன். மதிப்பெண் போட மாட்டேன்.

ஜனவரி 12

அம்மா திரும்பி வந்துவிட்டார். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் தடவிப் பார்த்தார்.

ஜனவரி 20

மேலிடத்தில் ஒரே பட்டியல் கேட்கிறார்கள். “ரெண்டு பத்தி இருந்தா யாரும் படிக்க மாட்டாங்கம்மா, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடுங்க.” கோபத்தில் பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்து இன்னொரு முறை பேட்டிகளைப் படித்தேன். மாலை வீடுகளின் பதில்கள் சேர்ந்த பிறகு வலைக்கூடம் கீழே இறங்கியிருந்தது. ஐஸும் வண்டியும் ஏறியிருந்தன. வடிகால் இரு பத்தியிலும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்னொன்றும் உறுத்துகிறது. வெள்ளம் வடிந்த மாதத்தில் கேட்டால் தண்ணீர்தானே முதலில் வரும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் கேட்டால் கடனும் வட்டியும் எங்கே போய் நிற்கும்?

ஜனவரி 27

அனுப்பிவிட்டேன். ஒரே பட்டியல், வடிகால் முதலிடம். அதன் கீழேயே இரண்டு பத்தியும் இருக்கின்றன. பதில் சொன்னவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த நேரத்தில் கேட்டோம் என்பதும் அட்டவணையோடு சேர்ந்தே இருக்கிறது, பின்னிணைப்புக்குத் தள்ளவில்லை. மே மாதம் இதே கேள்விகளோடு மறுபடி போக வேண்டும் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் பணம் ஒதுக்கப்படவில்லை.