அப்பாவின் 'க'

கூலிச் சீட்டில் கைரேகை வைத்தே பழகியவர் என் அப்பா. சென்ற விடுமுறையில், தறி ஓய்ந்த நேரத்தில் அவருக்குச் சிலேட்டில் எழுத்துக் கற்பித்தேன்.

க, கா, கி என்று எழுதினேன். "பாவு ஒண்ணுதான், ஊடைதான் மாறுது, இல்லே?" என்றார். உண்மைதான். நம் எழுத்தில் மெய்யின் உடல் பெரும்பாலும் நிற்க, உயிர்க்குறியே மாறுகிறது. ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் தனித்தனி எழுத்துகள். ஜப்பானியரின் கானாவில் 'கா'வும் 'கி'யும் ஒட்டுறவில்லாத வடிவங்கள். சீன எழுத்தோ பெரும்பாலும் பொருளுடைய ஓர் அசையைக் குறிக்கும்.

அடுத்துக் 'காகம்' எழுதினேன். "ரெண்டும் ஒரே எழுத்துதானே? சத்தம் ஏன் வேறயா இருக்கு?" என்றார்.

சொல்லின் முதலில் 'க' வலிக்கும். நடுவில் தனித்து வந்தால் மெலியும். 'தங்கம்' என ஙகரத்தை அடுத்தால் அதிர்ந்து ஒலிக்கும். 'பக்கம்' என இரட்டித்தால் மீண்டும் வலிக்கும். இடமே ஒலியைச் சொல்வதால் தமிழ்ச் சொற்களுக்கு ஓரெழுத்துப் போதும். வடமொழிக்குப் போதாது. நம்மூர்க் கைலாசநாதர் கோயிலில் இராஜசிம்ம பல்லவனின் விருதுப்பெயர்களைப் பொறித்த கிரந்தத்தில் ககர வகைக்கு நான்கு எழுத்துகள் உண்டு. நாம் 'காந்தி' என்று எழுதும்போது, முதலொலியைப் பெயர் அறிந்தவரே சரியாகச் சொல்வர்.

போன வாரம் அப்பா கூலிச் சீட்டில் கையெழுத்திட்டார். எழுத்துச் சற்றுக் கோணல்தான். ஆனால் அவர் கட்டைவிரலில் மையில்லை.