துபாயிலிருந்து திரும்பினால் வைப்புத்தொகை என்னவாகும்?

பதினான்கு வருட துபாய் வாழ்க்கையை முடித்துக்கொண்டு நவம்பர் கடைசியில் திருச்சிக்கே வந்துவிட்டோம். "ரெண்டு வருஷத்துக்கு டேக்ஸ் கிடையாதுல்ல மாப்ள?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பாதிதான் சரி.

வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணும். நெடுங்காலம் வெளியே இருந்தவருக்குத் திரும்பியபின் பொதுவாக இரண்டு, மூன்று நிதியாண்டுகள் 'ஆர்.என்.ஓ.ஆர்.' என்ற இடைநிலை கிடைக்கும். அப்போது துபாய் வங்கியில் விட்டுவந்த பணத்துக்கான வட்டிக்கு இங்கே வரி இல்லை.

ஆனால் என்.ஆர்.இ. வைப்புத்தொகையின் வட்டிவிலக்கு அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அது ஃபெமா சட்டத்தைப் பார்க்கிறது. நிரந்தரமாகத் தங்க வந்திறங்கிய நாளிலேயே ஃபெமாவில் நாம் உள்நாட்டுக்காரர். இருபது லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 1,40,000 வட்டி. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான ஏறத்தாழ 46,700 ரூபாய் வரிக்கணக்கில் சேரும். வங்கியிடம் சொல்லாதவரை அவர்கள் வரி பிடிக்க மாட்டார்கள். பிடிக்காததாலேயே வரி இல்லை என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

டாலரில் போட்ட எஃப்.சி.என்.ஆர். மட்டும் வேறு ஜாதி. முதிர்வுவரை அதே வட்டியில் தொடரலாம், ஆர்.என்.ஓ.ஆர். நீடிக்கும்வரை வரியும் இல்லை. முதிர்ந்ததும் ரூபாயாக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆர்.எஃப்.சி. கணக்கில் டாலராகவே வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்யப்போகிறோம். என்.ஆர்.இ.யைச் சாதாரணக் கணக்காக மாற்றும் படிவத்தை வந்த வாரமே கொடுத்தாயிற்று.