பதினைந்தாயிரத்து எழுநூறு ரூபாய்

மத்திய அரசிடமிருந்து மானியம் வாங்கிய எந்த அமைப்பும் கடைசியில் ஒரு இரண்டு பக்கத் தாளுக்கு முன்னால் வந்து நின்றாக வேண்டும். அதன் பெயர் ஜி.எஃப்.ஆர். 12-ஏ. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் இருக்கும் படிவம். முறையான தமிழில் பயன்பாட்டுச் சான்றிதழ். வேலை செய்பவர்கள் வாயில் வெறும் 'யூ.சி.'. நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. அனுமதிக் கடிதம் இன்னும் குறைவான கெடு வைத்திருந்தால் அதுதான் செல்லும்.

திருவண்ணாமலைப் பக்கம் ஆறு கிராமங்களில் மாலை நேர அறிவியல் வகுப்பு நடத்தும் ஒரு சிறு அறக்கட்டளைக்கு நான் அவ்வப்போது கணினி வேலை செய்து கொடுப்பதுண்டு. 2018-19இல் அவர்களுக்கு ஒரு துறையிலிருந்து ஒன்பது லட்சம் ரூபாய் வந்தது. அந்த வருஷக் கணக்கை ஒழுங்குபடுத்தப் போனபோதுதான் இந்தத் தாளை முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன். நிரல் எழுதிப் பழகியவனுக்கு அது பிடித்துப்போகும். ஒவ்வொரு கட்டமும் இன்னொன்றோடு பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கே என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

செயலாளர் அண்ணன் வைத்திருந்த எக்செல் மிகச் சுத்தமானது. வந்தது 9,00,000. செலவு 8,94,000. மிச்சம் 6,000. "அவ்ளோதான் தம்பி. ஆறாயிரத்தத் திருப்பிக் கட்டிட்டு மூடிடலாம்" என்றார். அந்த வருஷம் முழுக்க ஒரு டீ செலவைக்கூட அறக்கட்டளைக் காசில் எழுதாத மனிதர். அவர் கணக்கில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் 'செலவு' என்று எழுதியதும் படிவம் 'செலவு' என்று கேட்பதும் ஒன்றல்ல.

முதல் சிக்கல் பன்னிரண்டாயிரம் ரூபாயில் இருந்தது. பிப்ரவரியில் ஒருங்கிணைப்பாளர் அக்கா ஜவ்வாது மலை ஊர்களுக்குப் போய்வர அந்தத் தொகையை முன்பணமாக வாங்கியிருந்தார். வங்கியிலிருந்து பணம் வெளியேறிவிட்டது, அதனால் எக்செலில் அது செலவு. படிவத்திலோ 'சரிக்கட்டப்படாத முன்பணம்' என்று தனி வரியே இருக்கிறது. பணம் உங்கள் ஆள் கையில் இருக்கும்வரை அது அரசாங்கப் பணம்தான். பில் வந்த பிறகுதான் செலவு. இந்த ஒரு வரியை மட்டும் பார்த்தே ஒரு அமைப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றார் ஆடிட்டர். வருஷா வருஷம் அந்த எண் பெருத்துக்கொண்டே போனால், யாரோ யாரிடமும் பில் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அக்காவிடம் பில் இருந்தது, ஒரு மஞ்சள் பைக்குள். எல்லாம் மார்ச் 31க்கு முந்தைய தேதி. கூட்டினால் 9,700. மீதி 2,300ஐ வங்கியில் கட்டினார். கட்டும்போது, "இதக் கேப்பீங்கன்னு தெரிஞ்சா போன மாசமே குடுத்திருப்பேனே" என்று கொஞ்சம் கோபமும் பட்டார். நியாயம்தான், யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. மானியம் ஒரே குவியலாக வருவதில்லை, தலைப்பு தலைப்பாக வருகிறது. இவர்களுக்கு ஆசிரியர் மதிப்பூதியம் 5,40,000, கருவிகள் 2,00,000, பயணம் 1,00,000, நிர்வாகம் 60,000. மதிப்பூதியமும் நிர்வாகமும் அச்சு பிசகாமல் முடிந்திருந்தன. கருவிகளில் 24,000 மிச்சம். அண்ணன் சென்னை பாரிமுனைக்கே நேரில் போய் மொத்தக் கடையில் பேரம் பேசி வாங்கியதால் வந்த மிச்சம் அது. பயணத்தில், அக்கா திருப்பித் தந்ததைக் கழித்த பிறகும், செலவு 1,15,700. இரண்டு மலை ஊர்களுக்கு வகுப்பு முடியும் நேரத்தில் பஸ் கிடையாது, ஜீப் வைக்க வேண்டியிருந்தது.

இதில் மிஞ்சினதை எடுத்து அதில் போடுவது வீட்டில் எல்லோரும் செய்வது. ஆனால் அனுமதிக் கடிதத்தின் ஐந்தாவது பத்தி, முன் அனுமதி இல்லாமல் ஒரு தலைப்பின் தொகையை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது என்கிறது. முன் அனுமதி. கடிதம் வந்த அன்று எல்லோரும் தொகையைப் பார்த்தார்கள், ஐந்தாவது பத்தியை யார் பார்ப்பது? ஆகவே பயணத்தில் ஏற்கப்படுவது ஒரு லட்சம் மட்டுமே. மேற்கொண்டு ஆன 15,700 அறக்கட்டளையின் சொந்தச் செலவு. கருவியில் மிஞ்சிய 24,000 அப்படியே திரும்பப் போக வேண்டும்.

மூன்றாவது, வட்டி. பணம் சேமிப்புக் கணக்கில் கிடந்த மாதங்களில் 11,400 சேர்ந்திருந்தது. அண்ணனின் எக்செலில் அதற்கு இடமே இல்லை. விதி 230(8)இன்படி மானியத்தின் மேல் வந்த வட்டி முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்க முடியாது.

ஆக, திருப்பிக் கட்ட வேண்டியது 35,400. வங்கியில் இருந்தது 19,700. வித்தியாசம் 15,700, அதாவது ஜீப்புக்குக் கூடுதலாகப் போன அதே தொகை, ஒரு ரூபாய் பிசகாமல். இரண்டு வெவ்வேறு வழியில் போட்ட கணக்கு ஒரே எண்ணில் வந்து நின்றபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அதை வெளியே காட்டவில்லை. மொத்தத்தில் மானியத்தைவிடக் குறைவாகச் செலவழித்தவர், கையிலிருந்து பணம் போடணும் என்றால் என்ன செய்வார்?

வழிகள் வந்தன. கருவி வாங்கிய கடைக்காரரே போனில், "சார், இருபத்து நாலாயிரத்துக்கு ஒரு பில் போட்டுத் தரேன், ஜிஎஸ்டி மட்டும் குடுத்துடுங்க" என்றார். ஊர்ப் பக்கம் இது உதவி என்ற கணக்கில்தான் வரும். ஆடிட்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பில்லு சரி, பொருள் எங்க?" கருவி என்று எழுதினால் அது சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும், எந்த ஊரில் எந்த அலமாரியில் என்று இருக்க வேண்டும். மானியம் வாங்கியவரின் கணக்கு துறைக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையருக்கும் திறந்தே இருக்கும் என்கிறது விதி 236. யாராவது ஒருநாள் வந்து பொருளைக் காட்டு என்று கேட்டால் ஜீப் டிக்கியையா திறந்து காட்டுவது?

அவருக்கு வேறு கவலையும் இருந்தது. கடிதம் தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கையும் கேட்டிருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து பட்டயக் கணக்காளர் தரும் ஒவ்வொரு சான்றிதழிலும் பதினெட்டு இலக்க 'யூடின்' எண் இருக்க வேண்டும் என்று கட்டாயமாகியிருந்தது. அந்த எண்ணை இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். "என் பேரு அந்த நம்பர்ல உக்காந்திருக்கும் தம்பி."

ஜீப்புக்குப் பின்தேதியில் அனுமதி கேட்டுப் பார்க்கலாமா என்றும் பேசினோம். கேட்கலாம். ஆனால் பதில் வரும்வரை யூ.சி. போகாது, யூ.சி. போகாமல் அடுத்த வருஷ விண்ணப்பத்தை எடுக்க மாட்டார்கள். ஆறு ஆசிரியர்களின் மாதம் 7,500 ரூபாய் அந்த விண்ணப்பத்தில்தான் இருக்கிறது. 15,700க்காக அதை நிறுத்திவைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. ஊர்க்காரர்கள் கொடுத்த நன்கொடைக் கணக்கிலிருந்து, அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அந்தப் பணம் எடுக்கப்பட்டது. விதி சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். மலை ஊருக்கு ஜீப் வேண்டும் என்பதை முந்தைய ஆண்டு ஏப்ரலிலேயே ஊகித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மட்டும் கொஞ்சம் அதிகம்.

24,000 ஒரு சலான், வட்டி 11,400 தனிச் சலான், இரண்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டினோம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் பிறகு எது எதற்கு என்று விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஆடிட்டரின் அனுபவம். ரசீதுகளைப் படிவத்தோடு இணைத்து, அண்ணன் ஒரு பக்கமும் பொருளாளர் ஒரு பக்கமும் கையெழுத்துப் போட்டு, ஜூன் கடைசியில் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

அண்ணனின் புதிய எக்செலில் இப்போது தலைப்புக்கு ஒரு பக்கம் இருக்கிறது. எந்தத் தலைப்பிலாவது எண்பது சதவீதம் தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு நவம்பரிலேயே பயணம் சிவந்துவிட்டது. அன்றைக்கே துறைக்குக் கடிதம் போட்டார்.