உதவித்தொகைக் கட்டுரையில் என்ன எழுதுவது?

அரசு தரும் கல்வி உதவித்தொகைக்குப் பெரும்பாலும் கட்டுரை தேவையில்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு எண் இவை போதும். ஆனால் தனியார் அறக்கட்டளைகளும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் கூடவே ஒரு கட்டுரையும் கேட்பதுண்டு. "உங்கள் பொருளாதாரத் தேவையையும் தலைமைப் பண்பையும் 500 சொற்களுக்குள் விளக்குக" என்பது போல ஒரு கேள்வி இருக்கும். நன்றாகப் படிக்கிற மாணவர்கள்கூட இந்த இடத்தில்தான் திணறிப் போகிறார்கள்.

காரணம் எளிது. நம் பள்ளிகளில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. விண்ணப்பம் என்றால் "தாங்கள் கருணை கூர்ந்து". இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்தால் முதல் பாதியில் வறுமை பற்றிய பொதுவான புலம்பலும், இரண்டாம் பாதியில் பரிசுகளின் பட்டியலும் வந்து நிற்கும். தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரிக்குப் போய்வந்த ஒரு பி.எஸ்சி. மாணவியின் கட்டுரை எப்படி மாறியது என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

அவளுடைய அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா கொத்தனார். அவள் எழுதிய முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தவள். என் பெற்றோர் மாதம் மூவாயிரம் ரூபாய்கூடச் சம்பாதிப்பதில்லை. பல இன்னல்களுக்கு இடையிலும் விடாமுயற்சியுடன் படித்து வருகிறேன்." அடுத்த பத்தியில் வகுப்புத் தலைவி, நாட்டு நலப்பணித் திட்ட உறுப்பினர், பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, ரத்ததான முகாமில் தன்னார்வலர் என்று ஒன்பது வரிகள்.

இதைப் படித்த தமிழ்த்துறைப் பேராசிரியை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல உன் பேரை எடுத்துட்டு உன் பக்கத்துல உட்கார்ற பிள்ளை பேரைப் போட்டா, எந்த வரிம்மா பொய்யாகும்?"

அவள் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாது மேடம்" என்றாள்.

பெயரை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. வேறொருவர் பெயரிலும் உண்மையாகவே இருக்கிற வரி, எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். பரிசுகளையும் பொறுப்புகளையும் எழுத விண்ணப்பப் படிவத்திலேயே தனிக் கட்டங்கள் இருக்கும். அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் காமன் அப்ளிகேஷன் படிவத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை எழுத ஒரு தனிப் பகுதி உண்டு. 650 சொற்களுக்குள் எழுதும் கட்டுரை அதிலிருந்து வேறு. அங்கே எழுதியதையே இங்கேயும் எழுதினால் இடம் வீண்.

பேராசிரியை அடுத்துக் கேட்டது வருமானச் சான்று. தாசில்தார் கொடுத்த சான்றில் ஆண்டு வருமானம் 84,000 ரூபாய். அதாவது மாதம் 7,000. கட்டுரையிலோ மூவாயிரம்கூட இல்லை. இரக்கம் வரட்டும் என்று குறைத்து எழுதிய அந்த ஒரு வரி போதும், மற்ற எல்லா வரிகளையும் சந்தேகப்பட வைக்க. விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் கையில் இரண்டு தாள்களும் சேர்ந்தேதான் இருக்கும்.

தேவையை எப்படித்தான் எழுதுவது? அதை ஒரு கணக்காக எழுத வேண்டும். அவள் ஒரு தாளில் அந்த ஆண்டுச் செலவை எழுதிப் பார்த்தாள். கல்லூரிக் கட்டணம் 30,000, தேர்வுக் கட்டணம் 4,000, பேருந்து 8,000, புத்தகமும் ரெக்கார்டு நோட்டும் 4,000. மொத்தம் 46,000 ரூபாய். வரவுப் பக்கத்தில், 2022ல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வீதம் 12,000. வேறொரு அரசு உதவித்தொகை 7,000. வீட்டில் ஒதுக்க முடிந்தது 9,000. ஆக 28,000. இடைவெளி 18,000 ரூபாய்.

ஏற்கெனவே கிடைக்கும் உதவியை மறைக்கக் கூடாதா என்று அவளுக்கு ஒரு தயக்கம். மறைக்கவே கூடாது. "எனக்கு 46,000 தேவை" என்பதைவிட "28,000க்கு வழி இருக்கிறது, 18,000க்கு இல்லை" என்பது நம்பும்படி இருக்கிறது. கொடுக்கிறவருக்கும் தன் பணம் எந்த இடத்தை அடைக்கிறது என்று தெரிகிறது.

தொகை தெரிந்துவிட்டது. அந்த 18,000 இதுவரை எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் அவளுடைய சொந்தக் கதை இருந்தது. இரண்டாம் பருவக் கட்டணம் டிசம்பரில் கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பாவுக்குக் கட்டட வேலை கிடையாது. ஆகவே டிசம்பரில் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகும். புதிய வரைவின் முதல் வரி தானாக வந்தது: "டிசம்பர் மாதம் என் அம்மாவின் காதில் கம்மல் இருக்காது."

இந்த வரியில் வறுமை என்ற சொல்லும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் பெயரைப் போட்டால் இது பொய்யாகிவிடும். இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. அப்பாவின் குடிப்பழக்கம், அக்காவின் மணமுறிவு போன்ற மற்றவர்களின் ரகசியங்களைக் கட்டுரைக்காக வெளியே எடுத்து வைக்க வேண்டியதில்லை. கம்மல் வரியை அவள் அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வைத்துக்கொண்டாள்.

இனி தலைமைப் பண்பு. வகுப்புத் தலைவி என்பது ஒரு பதவி. அதில் இருந்து என்ன செய்தாள் என்று கேட்டால் வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள், அவ்வளவுதான். கலிபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தலைமை பற்றி ஒரு கேள்வி உண்டு. விடைக்கு 350 சொற்கள். தலைமை என்பது பதவிப் பெயர் மட்டுமல்ல, வீட்டைக் கவனித்துக்கொள்வதும் அதில் சேரலாம் என்று கேள்விக்கான குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். எனவே தேட வேண்டியது பதவியை அல்ல. "நீ தலையிட்டதால் வேறு யாருக்கு என்ன மாறியது?" என்பதற்கு விடையைத்தான் தேட வேண்டும்.

அவளிடம் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் அது பட்டியலில் இல்லை, ஏனென்றால் அதற்குச் சான்றிதழ் கிடையாது. முதலாம் ஆண்டில் அந்த 7,000 ரூபாய் உதவித்தொகை வரவே இல்லை. இடைவெளி 25,000 ஆனது. விசாரித்தபோது பணம் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகும் என்றும், அவளுடைய ஆதார் பள்ளி நாட்களில் திறந்த ஒரு பழைய கணக்கோடு இணைந்திருக்கிறது என்றும் தெரிந்தது. எந்த வங்கியோடு இணைப்பு இருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவு செய்த கைபேசிக்குத்தான் ரகசிய எண் வரும். அந்த எண்ணோ அப்பா தொலைத்துவிட்ட பழைய சிம். அதைச் சரிசெய்ய அவளுக்கு இரண்டு மாதம் ஆனது.

பிறகு வகுப்பில் விசாரித்தபோது இன்னும் 14 பேருக்குப் பணம் வரவில்லை என்று தெரிந்தது. ஆறு பேருக்குப் பழைய கணக்கு, ஐந்து பேருக்கு இணைப்பே இல்லை, மூன்று பேருக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் வேறு இனிஷியல். எல்லோரும் கும்பலாக வங்கிக்குப் போனபோது கூட்ட நேரத்தில் வராதீர்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் படிவங்களை வாங்கி வந்து, நூலகத் திண்ணையில் வைத்து எல்லோருக்கும் முன்கூட்டியே நிரப்பி, ஒரு நாளைக்கு நான்கு பேர், மதியம் இரண்டரை மணிக்கு என்று அனுப்பினாள். ஆறு வாரத்தில் 11 பேருக்குச் சரியானது. இனிஷியல் மாறிய மூவரில் இருவருக்கு ஆதார் மையத்தில் திருத்தம் கிடைத்தது. ஒருத்திக்குக் கடைசிவரை நடக்கவில்லை.

அந்த ஒருத்தியை விட்டுவிடலாமா என்று அவள் கேட்டாள். "வேண்டாம்மா, அவளும் இருக்கட்டும்" என்றார் பேராசிரியை. 14க்கு 14 என்று எழுதினால் அது பிரசங்கமாகிவிடும். 13 என்று எழுதி, அந்த ஒன்று ஏன் முடியவில்லை என்று ஒரு வரி சொன்னால், வேலையை உண்மையிலேயே செய்தவர் எழுதியது போல இருக்கும்.

இப்போது கவனித்தால் தேவையும் தலைமையும் இரண்டு தனித் தலைப்புகளாக இல்லை. 7,000 ரூபாய் வராவிட்டால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் மற்ற 14 பேரைப் பற்றி விசாரித்தாள். கட்டுரையின் நடுவில் இந்த ஒரு வாக்கியம் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டியது. இப்படி ஒரு முடிச்சு கிடைக்காதவர்கள் இரண்டையும் வலிந்து ஒட்டத் தேவையில்லை. தேவையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒரே ஒரு செயலை விரிவாக எழுதினாலும் போதும்.

500 சொற்களை அவள் பிரித்த விதம் இது: கம்மலுக்கும் கணக்குக்கும் 150, நூலகத் திண்ணைக்கு 250, பணம் கிடைத்தால் என்ன மாறும் என்பதற்கு 100. கடைசிப் பகுதியில் நாட்டுக்குச் சேவை செய்வேன் என்ற வாக்குறுதி இல்லை. இரவில் அம்மாவோடு உட்கார்ந்து இலை வெட்டும் இரண்டு மணி நேரம் படிப்புக்குக் கிடைக்கும் என்றும், படிவம் நிரப்பும் வேலையை இரண்டு ஜூனியர் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்றும் மட்டும் எழுதினாள். பேச்சுப் போட்டிப் பரிசு படிவத்தின் கட்டத்துக்குள் ஒரு வரியாகப் போய்விட்டது.

நேர்காணலில் பரிசுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வங்கியில் திருப்பி அனுப்பிய பிறகு நேரம் பிரித்து அனுப்பும் யோசனை எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். பீடிக் கடையில் சரக்குப் போட வரிசை நிற்கும் நாளில் அம்மா எந்த நேரத்துக்குப் போவார் என்று பார்த்துப் பழகியதுதான் என்றாள். இந்த விடையை அவள் மனப்பாடம் செய்து கொண்டு போகவில்லை. நடந்ததையே எழுதியிருந்ததால் தயாரிக்க வேண்டியதும் இருக்கவில்லை.