நான்கு சீட்டுகளும் நான்கு வீடுகளும்

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர் ஒருவர், பழைய நூலொன்றில் கண்ட புதிரைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து, "ஐயா, இதற்கு விடை சொல்லுங்கள்" என்றார். நான்கு சீட்டுகளில் வெவ்வேறு எண்கள் எழுதிக் குலைத்துக் கவிழ்த்து வைத்திருக்கின்றனர். ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். 'இதுவே பெரியது' என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். கடந்த சீட்டுக்குத் திரும்ப இயலாது. மிகப் பெரிய எண்ணில் நிறுத்தினால் மட்டுமே வெற்றி.

1960 பிப்ரவரியில் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிப் பரவலாக்கிய புதிர் இது. கணக்கு எமது துறையன்று; ஆயினும் தாளில் எழுதிப் பார்த்தோம். நான்கு சீட்டுகள் 24 வரிசைகளில் அமையும். முதற்சீட்டையே ஏற்றால் 6 வரிசைகளில் வெற்றி. முதலதை அளவுகோலாக மட்டும் கொண்டு விடுத்து, பின்னர் அதனை விஞ்சும் முதற்சீட்டில் நின்றால் என்னாகும்? பெரியது இரண்டாவதாக வரும் 6 வரிசைகளிலும் வெல்வோம். மூன்றாவதாக வரும் ஆறில் மூன்றிலும், நான்காவதாக வரும் ஆறில் இரண்டிலும் வெல்வோம். ஆக 11. முதல் இரண்டையும் விடுத்தாலோ 10 தான். அளவுகோல் இன்றி முடிவு செய்வதும் பிழை. அளந்துகொண்டே இருப்பதும் பிழை. சீட்டுகள் நூறாயின் முதல் 37ஐ விடுக்க வேண்டும். அப்போதும் வெற்றி நூற்றுக்கு ஏறத்தாழ 37 முறையே.

இக்கணக்கு எமது பழைய வருத்தமொன்றைக் கிளறிற்று. பணியேற்ற ஆண்டில் வாடகைக்கு நான்கு வீடுகள் பார்த்தோம். முதல் வீட்டில் கிணறும் முற்றமும் இருந்தன. "இன்னும் சில பார்ப்போமே" என்றோம். மறுநாளே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். பின்னவை இரண்டும் அதற்கு ஈடாகவில்லை. இறுதியில் நான்காவதில் குடிபுகுந்தோம். "கையில் வந்ததைக் கைவிட்டீர்களே" என்று துணைவியார் பன்னாள் சொல்லியதுண்டு.

மாணவரின் தாளை மீண்டும் நோக்கினோம். சிறந்தது முதலில் வரும் 6 வரிசைகளில் இவ்விதியும் தோற்று, கடைச்சீட்டில்தான் கொண்டு நிறுத்துகிறது. நாம் செய்தது விதிப்படியே. வாய்த்த வரிசைதான் வேறு. முடிவு நன்றாக இருந்தும் விளைவு பிழைக்கக் கூடும்.

அன்று மாலை இதனை வீட்டில் விளக்கினோம். துணைவியார் கேட்டது ஒன்றே: "சிறந்தது தவிர மற்றதெல்லாம் தோல்வி என்று அப்புதிர் சொல்கிறதே, இந்த வீட்டில் இருபதாண்டுகள் தோற்றா வாழ்ந்தோம்?"

புதிரின் எல்லை அதுவே. இரண்டாவது பெரிய சீட்டுக்கு அங்கே மதிப்பில்லை; இரண்டாவது நல்ல வீட்டில் குடியிருக்கலாம். போதுமானது கிடைத்தால் போதும் என்போர்க்கு, இவ்வளவு விடுத்துக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மாணவரிடம் மறுநாள் விடையோடு இதனையும் சேர்த்தே சொன்னோம்.