ஏர்போர்ட் வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் வி.பி.என் காப்பாற்றுமா?

கோவையைச் சேர்ந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு வயது 63. மெல்பர்னில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியவர், வழியில் ஓர் ஏர்போர்ட்டில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரோமிங் பேக் போடவில்லை. ஏர்போர்ட் வைஃபைதான் கதி.

'பொது வைஃபைன்னா வி.பி.என் போட்டுக்கோம்மா' என்று மகள் சொல்லியிருந்தார். இவரும் போனில் பார்த்த முதல் இலவச ஆப்பை இறக்கி வைத்திருந்தார். வீடியோ காலில் அதைப் பார்த்த மகள் பதறிவிட்டார். திறந்ததுமே விளம்பரம். கான்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதி வேறு கேட்டிருக்கிறது. "வி.பி.என்-க்கு எதுக்கும்மா உன் கான்டாக்ட்ஸ்? முதல்ல அதைத் தூக்கு!"

அந்தப் பதற்றம் நியாயமானதுதான். காபி ஷாப் வைஃபையில் உட்கார்ந்து வங்கி இணையதளத்தைத் திறந்தால், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அந்த வைஃபையை நடத்துபவருக்குத் தெரியும். உள்ளே என்ன டைப் செய்கிறீர்கள் என்பது தெரியாது. முகவரியில் இருக்கும் https அதை மறைத்துவிடுகிறது. வி.பி.என் போட்டால் தளத்தின் பெயரும் காபி ஷாப்பின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அதே விவரம் இப்போது வி.பி.என் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியும். ஒருவரிடமிருந்து மறைத்து இன்னொருவரிடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த இன்னொருவர் யார் என்பதுதான் கேள்வி. ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய 'ஒனாவோ' என்ற இலவச வி.பி.என், 'உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டே, மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று சேகரித்தது. இதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023-ல் மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

மகள் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைத்தான் பார்த்தார். நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பயனர் பதிவுகளை வைப்பதில்லை என்ற வாக்குறுதியை வெளியாள் தணிக்கை செய்து, அறிக்கை வெளியிட்டிருக்கிறாரா? இணைப்பு அறுந்தால் இன்டர்நெட்டையே நிறுத்திவிடும் 'Kill switch' இருக்கிறதா? 'மிலிட்டரி தரப் பாதுகாப்பு' போன்ற விளம்பரங்களை அவர் படிக்கக்கூட இல்லை. பயணம் ஒன்றரை மாதம்தான் என்பதால் மாதக் கட்டணம் போதும் என்று முடிவெடுத்தார். 80 சதவிகிதத் தள்ளுபடியில் இரண்டு வருடத் திட்டம் எல்லாம் அம்மாவுக்கு எதற்கு?

ஆனால், ஏர்போர்ட்டில் வந்த சிக்கலே வேறு.

போனில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு வைஃபைகள் தெரிந்தன. சிக்னல் அதிகமாக இருந்ததைத் தொட்டார். லாகின் பக்கம் வரவே இல்லை. வி.பி.என்-ஐ அணைத்த பிறகுதான் வந்தது. இது கோளாறு அல்ல. லாகின் பக்கத்தைத் தாண்டி இன்டர்நெட் கிடைத்த பிறகுதான் வி.பி.என் தன் சர்வரைத் தொட முடியும். அதாவது, அந்தப் பக்கத்தில் நிற்கும்போது யாருக்குமே வி.பி.என் பாதுகாப்பு கிடையாது.

வந்த பக்கம் ஜிமெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் கேட்டது. பாதி டைப் செய்தவர் நிறுத்திவிட்டார். "வைஃபை குடுக்கிறவனுக்கு என்ற மெயில் பாஸ்வேர்டு எதுக்கு கண்ணு? அப்படித்தான் தோணுச்சு" என்று பிறகு மகளிடம் சொல்லியிருக்கிறார்.

வைஃபை தருபவர்கள் மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி அனுப்பலாம், மெயில் முகவரி கேட்கலாம், சில இடங்களில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யச் சொல்லலாம். மெயில் பாஸ்வேர்டு அவர்களுக்குத் தேவையே இல்லை. அவர் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவிலேயே 2024-ல் இப்படி ஒரு வழக்கு பதிவானது. பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் நிஜ வைஃபையின் பெயரிலேயே போலி வைஃபை உருவாக்கி, மெயில், சோஷியல் மீடியா பாஸ்வேர்டுகளைப் பிடித்ததாக ஒருவர் மீது போலீஸ் குற்றம் சாட்டியது. பாஸ்வேர்டை நாமே டைப் செய்து கொடுத்துவிட்டால், பிறகு எந்த வி.பி.என் போட்டும் பிரயோஜனம் இல்லை.

தகவல் மையத்தில் கேட்டபோது, சரியான பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இவர் தொட்டது அது இல்லை. உடனே அதை 'Forget' செய்தார். அது போலிதானா, பக்கத்துக் கடை ஒன்றின் வைஃபையா என்பது கடைசிவரை தெரியவில்லை.

சரியான வைஃபையில் நுழைந்து வி.பி.என்-ஐப் போட்டதும் மேலே சின்னச் சாவி ஐகான் வந்தது. பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்க வங்கி ஆப்பைத் திறந்தால், 'வி.பி.என்-ஐ அணையுங்கள்' என்று அது அடம்பிடித்தது. சில வங்கி ஆப்கள் அப்படித்தான். அணைத்துவிட்டே பார்த்தார். வங்கியின் ஆப், தன் தகவலைத் தானே பூட்டித்தான் அனுப்புகிறது என்பதால் அதில் தவறில்லை. பிரவுசரில் 'Your connection is not private' என்று எச்சரிக்கை வந்தால் மட்டும் மேலே போகக் கூடாது.

ஊர் திரும்பியதும் வி.பி.என் சந்தாவை நிறுத்திவிட்டார். ஆர்.எஸ்.புரம் காபி ஷாப்பில் இப்போது பேத்தி லேப்டாப்பைத் திறந்தால், பாட்டியின் போன் ஹாட்ஸ்பாட்தான். தினமும் 2 ஜிபி டேட்டா, பாதிகூட காலியாவதில்லையாம்.