கண்மாய்க் கூலியும் கடைக்காரரின் பற்று நோட்டும்

கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த புதிதில், பெருக்கியைக் கரும்பலகையில் எழுதுவதென்றால் எனக்குத் தனி உற்சாகம். அரசு 1000 ரூபாய் செலவழிக்கிறது. கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் மக்கள் 80 காசைச் செலவு செய்கிறார்கள், அதாவது இறுதிநிலை நுகர்வு நாட்டம் 0.8. முதல் சுற்றில் 1000, அடுத்து 800, பிறகு 640, 512 என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசிவரை கூட்டினால் 5000. ஒன்றிலிருந்து 0.8-ஐக் கழித்து, வரும் 0.2-ஆல் ஒன்றை வகுத்தால் ஐந்து. முடித்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தட்டும்போது, ஒரு நாட்டின் வறுமைக்கே விடை சொல்லிவிட்டதாக ஒரு நினைப்பு.

ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், எங்க ஊர்க் கண்மாயில மராமத்து வேலை நடக்குது. அப்பா அம்மா ரெண்டு பேரும் போறாங்க. வர்ற கூலியில ஒரு ரூபாகூட மிஞ்சுறதில்ல. அப்ப எங்க ஊருக்குப் பெருக்கி எவ்வளவு சார்?"

சேமிப்பே இல்லையென்றால் நாட்டம் ஒன்று. சூத்திரப்படி ஒன்றைச் சுழியத்தால் வகுக்க வேண்டும், விடைக்கு முடிவே இருக்காது. "அப்படியெல்லாம் வராது, உட்காரு" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவன் கேட்டது சரியான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை, கூலி கொடுக்கும் நாளில், அவன் ஊருக்கே போனேன். அவன் அம்மா திண்ணையில் உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். பிறகு அவன் அப்பாவோடு மளிகைக் கடைக்குப் போனேன். கூலிப் பணத்தை வாங்கிய கடைக்காரர், பற்று நோட்டை விரித்து முதலில் பழைய பாக்கியை அடித்தார். மிச்சத்துக்குத்தான் அரிசியும் எண்ணெயும். அந்த இடத்தில் எனக்கு உறைத்தது. பழைய பாக்கிக்குப் போன பணத்தால் அன்று புதிதாக ஒரு பொருளும் விற்கவில்லை; அந்தப் பொருள் போன மாதமே விற்றுத் தீர்ந்திருந்தது. கையில் காசு நிற்காவிட்டாலும், கடனை அடைப்பது பொருளியல் கணக்கில் சேமிப்புதான்.

வேறு கசிவுகளும் உண்டு. பொருளின் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. எண்ணெயிலும் டீசலிலும் ஒரு பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது. மதுரையில் வாங்குவது கண்மாய் ஊருக்குக் கசிவாகலாம், நாட்டுக்கு அல்ல. எந்த எல்லைக்கான பெருக்கி என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்து மறுபடியும் எழுதினேன். கைக்கு வரும் நூறு ரூபாயில் கடனுக்கும் சேமிப்புக்கும் 20, வரிக்கு 10, இறக்குமதிக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டில் மறுபடி வருமானமாவது 50 மட்டுமே. இப்போது சங்கிலி 1000, 500, 250, 125. இந்த நான்கு சுற்றிலேயே 1875 வந்துவிடுகிறது. எல்லாம் சேர்ந்தாலும் 2000 தான். பெருக்கி ஐந்து அல்ல, இரண்டு. இரண்டாம் சுற்றின் 500 முழுவதும் கடைக்காரருக்கே போவதாகவும் நினைக்கக் கூடாது. அது கடை, லாரி, அரிசி ஆலை, வயல் என்று பலருடைய வருமானமாகப் பிரிகிறது.

இதற்கு அப்பாலும் ஒரு தடை உண்டு. 1931-இல் ரிச்சர்ட் கானும், 1936-இல் கெய்ன்ஸும் பெருக்கியைப் பற்றி எழுதியபோது அவர்கள் முன்னால் இருந்தது வேலையற்ற தொழிலாளரும் ஓடாத ஆலைகளும் நிறைந்த இங்கிலாந்து. செலவு கூடினால் அங்கே உற்பத்தி கூட இடமிருந்தது. கேம்பிரிட்ஜில் படித்த நம் வி.கே.ஆர்.வி. ராவ் 1952-இல் இந்தியாவுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்று வாதிட்டார். ஏழையின் கூடுதல் வருமானம் பெரும்பாலும் உணவுக்குப் போகிறது. நெல்லோ நினைத்தவுடன் விளைவதில்லை. அப்போது ரூபாய்க் கணக்கில் வருமானம் பெருகும், நெல் பெருகாது, விலைதான் ஏறும்.

பெருகுவது உற்பத்தியா, விலையா என்பதை ஊரிலேயே கண்டுபிடிக்கலாம். கூலி வந்த வாரத்தில் தையல்காரர் கூடுதலாகச் சட்டை தைத்தால் பெருக்கி உண்மையில் வேலை செய்கிறது. அதே எண்ணிக்கையைத் தைத்துக் கூலியை மட்டும் ஏற்றினால், பெருகியது விலை.

அடுத்த வாரம் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, என் பதில் தவறு என்று எல்லார் முன்னும் சொல்லி, புதிய சங்கிலியை எழுதினேன். மாணவர்களே, வினாத்தாளில் 0.8 என்று பார்த்ததும் வகுக்கத் தொடங்கிவிடாதீர்கள். வரியும் இறக்குமதியும் கொடுத்திருக்கிறார்களா, விலை மாறாது என்று சொல்லியிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.